நான்கு வயதுப் பிள்ளையின் வாயில் வந்த சொல்: மழலையர் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் குழந்தைகளுக்கான பேச்சு, மொழிப் பயிற்சியாளர். திக்கிப் பேசும் பிள்ளைகளும் பேச்சு தாமதமான பிள்ளைகளுமே பெரும்பாலும் என்னிடம் வருவார்கள். சென்ற ஜூலையில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு பிள்ளை வந்தான். எல்.கே.ஜி. படிக்கிறான், நான்கு வயது. அவன் தாயின் கையில் பள்ளி டைரி இருந்தது. ‘தகாத சொல் பேசுகிறான். மூன்று நாள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். ஆலோசனை பெற்று வரவும்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். வண்ணப் பென்சில் டப்பா கீழே விழுந்து சிதறியபோது அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறான். “எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், மேடம்” என்று அந்தத் தாய் உட்காருவதற்குள் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

நான் அவனோடு பொம்மைக் கார் விட்டு விளையாடினேன். கார் மேசை விளிம்பைத் தாண்டி விழுந்தது. உடனே சொன்னான், தெளிவான உச்சரிப்போடு. என் முகத்தைப் பார்க்கவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. குனிந்து காரை எடுத்துக்கொண்டான். “அப்படி என்றால் என்ன, கண்ணு?” என்று கேட்டேன். “பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சொல்வது” என்றான்.

பெற்ற தாயை இழிவுபடுத்தும் ஒரு சொல்லுக்கு அவன் அறிந்த பொருள் இவ்வளவுதான். தினமும் காலையில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் அப்பா கிக்கரை உதைக்கிறார். வண்டி முரண்டு பிடிக்கிறது. அந்தச் சொல் வருகிறது. எப்போது சொல்வது, எந்தத் தொனியில் சொல்வது என்பதையெல்லாம் பிழையில்லாமல் கற்றிருக்கிறான். பொருள் மட்டும் அவனுக்குத் தெரியாது.

குழந்தைகள் ஏறக்குறைய ஒரு வயதில் முதல் சொல்லைச் சொல்கிறார்கள். ஒரு நீண்ட வாக்கியத்துக்குள் புதைந்து வரும் சொல்லைவிட, தனித்து ஒலிக்கும் சொல் அவர்களிடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. வசவு பெரும்பாலும் தனியாகத்தான் வரும். சுருக்கமாக, உரக்க, ஏதோ ஒன்று நடந்த அதே நொடியில் வரும். கற்பிக்க வேண்டும் என்று திட்டமிட்டாலும் இதைவிடச் சிறப்பாக ஒரு சொல்லை நம்மால் கற்பிக்க முடியாது.

அமெரிக்க உளவியலாளர்கள் கிரிஸ்டின் ஜே, டிமதி ஜே இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்று முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் சொன்ன வசவுகளைத் தொகுத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு வயதுப் பிள்ளைகளிடமும் அவை இருந்தன. பள்ளியில் சேரும் வயதுக்குள் பெரியவர்களின் வசவுப் பேச்சுக்கான அடிப்படை அமைந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதனால் உங்கள் வகுப்பறையில் ஒரு பிள்ளை அப்படிச் சொல்வதை வைத்து அவன் குடும்பத்தை எடைபோடாதீர்கள். “யார் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று நான்கு வயதுப் பிள்ளையைக் கேட்பதும் வீண். ‘தண்ணீர்’ என்ற சொல்லை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டாலும் அவனுக்குத் தெரியாது.

அப்படியானால், அது சொல்லக்கூடாத சொல் என்று ஒரு பிள்ளைக்கு எப்போது தெரிகிறது? சொல்லைக் கவனித்தால் தெரியாது, பிள்ளையின் கண்ணைக் கவனியுங்கள். சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறானா? அப்படியானால் தடை அவனுக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. மூன்று, நான்கு வயதில் ‘குசு’, ‘கக்கா’ என்று சொல்லிவிட்டு உருண்டு புரண்டு சிரிப்பது இந்தச் சோதனைதான். ஒரு சிறு ஒலி பெரியவர்களின் முகத்தையே மாற்றிவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்த பிள்ளை, அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்காமல் இருக்குமா?

அடுத்த கட்டத்தை ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். “மிஸ், அவன் கெட்ட வார்த்தை சொன்னான்” என்று ஓடி வரும் பிள்ளையிடம் என்ன சொன்னான் என்று கேட்டால், முதல் எழுத்தை மட்டும் காதோடு சொல்லும். அந்தப் பிள்ளைக்கும் பொருள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட நூலில், ‘பொய் என்றால் என்ன?’ என்று சுவிட்சர்லாந்துச் சிறுவர்களிடம் கேட்டதைப் பதிவு செய்திருக்கிறார். ஆறு வயதை ஒட்டிய சிலர், ‘பொய் என்றால் கெட்ட வார்த்தை’ என்றார்கள். பொய் எது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டும் வாயால் செய்வது, இரண்டுக்கும் பெரியவர்களிடம் திட்டு விழுகிறது. அதனால் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். தடை முதலில் வந்துவிடுகிறது, அதற்கான காரணம் பின்னால்தான் வருகிறது. ஜே ஆய்விலும் லேசான சொற்களை எடைபோடுவதில்தான் பிள்ளைகளும் பெரியவர்களும் வேறுபட்டார்கள். நாம் பொருட்படுத்தாத சொல்லும் பிள்ளைகளுக்குப் பெரிய குற்றமாகத் தெரிந்தது.

எங்கே, யார் முன்னால் என்று பிரித்துப் பார்க்கும் திறமை இதற்குப் பிறகு, தொடக்கப் பள்ளி ஆண்டுகளில் மெல்ல மெல்ல வருகிறது. மைதானத்தில் வரும் சொல் ஆசிரியரைக் கண்டதும் நின்றுவிடும். தொல்காப்பியம் இத்தகைய சொல்லை ‘அவையல் கிளவி’ என்கிறது, அதாவது அவைக்கு ஆகாத சொல். அவை எது என்று தெரிந்தால்தானே அதற்கு ஆகாதது எது என்று தெரியும்? என்னிடம் வரும் பிள்ளைகளில், பாலியல் வசவுகளின் பொருளை ஓரளவாவது சொல்லத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதைத் தாண்டியவர்கள்.

இப்போது அந்த மூன்று நாள் தண்டனைக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்து அவன் மீண்டும் வந்தான். கார் விழுந்தது. இந்த முறை உதட்டை இறுக்கிக்கொண்டான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு கிசுகிசுப்பாகச் சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சொல்லை மறக்கவில்லை. அதற்கு இருக்கும் பலத்தைத்தான் புதிதாகத் தெரிந்துகொண்டிருந்தான். பாட்டி உதட்டில் மிளகாய் வைத்தாராம். அதையும் சொன்னான், சிரிக்காமல்.

நான் செய்தது சிறிய வேலை. கண்ணை விரிக்காமல், சாதாரணக் குரலில், “அந்தச் சொல் வேண்டாம். கீழே விழுந்தால் ‘அடச்சே’ என்று சொல்லலாம்” என்றேன். எரிச்சலைக் கொட்ட அவனுக்கும் ஒரு சொல் வேண்டும். இருந்ததைப் பிடுங்கிவிட்டு வெறும் வாயோடு விட்டால் பழையதுதான் திரும்பி வரும். அப்பாவிடமும் பேசினேன். இப்போது வண்டி கிளம்பாவிட்டால் இருவரும் சேர்ந்து ‘அடச்சே’ சொல்கிறார்களாம்.

இரண்டு இடங்களில் மட்டும் இந்த நிதானம் போதாது. சொல்லை இன்னொரு பிள்ளையை நோக்கி எறிந்து அவனை அழவைத்தால், சொல்லை விட்டுவிட்டு, அவன் அழுவதைக் காட்டிப் பேசுங்கள். விதியை மீறுவதற்கும் ஒருவரை நோகடிப்பதற்கும் உள்ள வேறுபாடு மூன்று, நான்கு வயதிலேயே பிள்ளைகளுக்குப் புரியத் தொடங்குகிறது. மற்றொன்று: சின்னப் பிள்ளை ஒரு பாலியல் சொல்லை வயதுக்கு மீறிய விவரத்தோடோ, உடல் செய்கையோடோ சொன்னால், டைரியில் குறிப்பு எழுதி அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளையைத் தனியாக, மிரட்டாமல் பேசவிட்டுக் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

டைரியில் எழுதுவதை நிறுத்துங்கள் என்று உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சிறுவனின் பள்ளியிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். ஜூலை மாதப் பக்கத்தில் அந்தச் சிவப்பு மை இன்னும் இருக்கிறது. ஜூன் வந்தால் அவன் யு.கே.ஜி. போவான், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குவான். அதற்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பேச்சு, மொழிப் பயிற்சியாளர்