கோலப் படத்தின் பின்னால் தெரியும் எண்கள்: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மார்கழிக் கோலப் போட்டிப் படங்களைச் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் யாரும் பார்க்கும்படி ஏற்றும்போது, பின்னணியில் இருக்கும் எண்களையும் தெருப் பெயரையும் நீங்கள் மறைக்கும் விதத்தைப் பற்றி எழுதுகிறேன். பல சங்கங்கள் மறைக்கவே முயல்வதில்லை; முயலும் சங்கங்களோ பெரும்பாலும் அரைகுறையாக மறைக்கின்றன.

வழக்கமான ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பரிசு பெற்ற பெண்மணி தம் வீட்டு வாசலில் கோலத்தருகே நிற்கிறார். படத்தின் கீழே அவருடைய பெயர் இருக்கிறது. பின்னால் உள்ள கேட் தூணில் புதிய எண், பழைய எண் என இரண்டு கதவு எண்கள் இருக்கின்றன. நம் ஊரில் இரண்டுமே இன்னும் புழக்கத்தில் இருப்பதால், புதியதை மட்டும் மறைத்தால் பழையது முகவரியைச் சொல்லிவிடும். சுற்றுச்சுவரை ஒட்டி மாநகராட்சியின் தெருப் பெயர்ப் பலகை நிற்கிறது. அதில் தெருப் பெயரோடு வார்டும் அஞ்சல் குறியீடும் இருந்தால், தெருப் பெயரை மறைத்த பிறகும் தேட வேண்டிய இடம் சில தெருக்களாகச் சுருங்கிவிடுகிறது. வாசலில் நிற்கும் காரின் எண் தகட்டை மறைத்துவிட்டு அதன் முன்கண்ணாடியை மறந்துவிடுகிறோம். 2019 ஏப்ரல் முதல் தயாரிக்கப்பட்ட கார்களின் முன்கண்ணாடியில் ஒட்டப்படும் சிறு வில்லையிலும் அதே பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கிறது. அருகிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் அதைப் படித்துவிடலாம்.

எண் தெரிவதால் என்ன என்று கேட்கலாம். அரசின் வாகனத் தகவல் சேவையில் பதிவு எண்ணைக் கொடுத்தால் வண்டியின் மாடல், பதிவு செய்த அலுவலகம், காப்பீடு முடியும் நாள் முதலியவை கிடைக்கும். உரிமையாளர் பெயரின் சில எழுத்துகள் அங்கே மறைக்கப்பட்டிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் முழுப் பெயரைத்தான் படத்தின் கீழே நாமே எழுதியிருக்கிறோமே! அபராதம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் போலிச் செய்திகளும், அவற்றோடு வரும் போலிப் பரிவாகன் செயலியும் நீங்கள் அறிந்தவை. வண்டி எண்ணும் பெயரும் சரியாக இருக்கும் செய்தியை நம்பாதவர் அரிது.

இனி, மறைக்கும் முறை. எண்ணை மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாகச் சிதைப்பதும் முகத்துக்கு ஓரளவு பயன்படலாம், எண் தகட்டுக்குப் போதாது. தகட்டின் அமைப்பும் எழுத்து வடிவமும் முன்பே தெரிந்தவை. டி.என். 09 என்பதும் அடுத்த இரண்டு எழுத்துகளும் தெளிவாக இருந்து கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் சிதைக்கப்பட்டிருந்தால், மிஞ்சுவது பத்தாயிரத்துக்கும் குறைவான வாய்ப்புகளே. ஒவ்வொன்றையும் அதே போலச் சிதைத்து உங்கள் படத்தோடு ஒப்பிடுவது கணினிக்குச் சிறிய வேலை. சாய்வான கோணமும் மங்கிய வெளிச்சமும் அந்த வேலையைக் கடினமாக்கும் என்றாலும், அவற்றை நம்பி இருக்க வேண்டாம்.

ஆகவே படத்தின் நகல் ஒன்றை எடுத்து, முதலில் தேவையற்ற ஓரங்களை வெட்டிவிடுங்கள். பலகையும் தூணும் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். எஞ்சியவற்றின் மேல் ஒரே நிறம் நிரப்பிய கட்டத்தை வையுங்கள். கைப்பேசியில் வாக்கியங்களுக்கு வண்ணமடிக்கும் பேனாவைக் கறுப்பில் வைத்துத் தீட்டுகிறவர்கள் பலர். அது பார்வைக்கு முழுக் கறுப்பாகத் தெரிந்தாலும் சற்றே ஒளி ஊடுருவக்கூடியது. முடித்த படத்தில் வெளிச்சத்தையும் நிறமாறுபாட்டையும் கடைசி வரை உயர்த்திப் பாருங்கள். இலக்கங்களின் விளிம்பு தலைகாட்டினால் மறைப்பு பலிக்கவில்லை என்று பொருள். சரியாக இருந்தால் அந்தப் படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, அதையே ஏற்றுங்கள். மூலப் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இருப்பிடக் குறிப்பும், சில கைப்பேசிகள் படத்தோடு சேர்த்துப் பதியும் ஓரிரு நொடிக் காணொளியும் அதில் வராது.

ஒரே நிகழ்ச்சியின் இருபது படங்களை ஏற்றும்போது, பத்தொன்பதில் மறைத்த எண் இருபதாவதில், பக்கத்துக் காரின் பளபளப்பான கதவில் இடவலம் மாறிப் பிரதிபலித்துக்கொண்டிருக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியடைத்து நிறுத்திய வண்டிகளைப் படமெடுத்துச் சங்கப் பக்கத்தில் போடும் வழக்கமும் உண்டு. அந்தப் புகாரில் எண் தெரியத்தான் வேண்டும். அதனால் அது போக்குவரத்துக் காவல் துறைக்கு நேரே போகட்டும், பொதுப் பக்கத்துக்கு வேண்டாம்.

சென்ற ஆண்டுகளின் கோலப் படங்கள் பல சங்கப் பக்கங்களில் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றில் பெயரோடு வாசலும் தெரிபவற்றை இந்த மார்கழிக்கு முன் நீக்கிவிட்டு, மறைத்த நகலை மறுபடி ஏற்றுமாறும், பரிசு பெற்றவர்களிடம் பெயரையும் வாசலையும் சேர்த்து வெளியிடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் சென்னைவாசி ஒருவர்