வன்னியின் வணிகக் கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

உயர்தர மாணவரின் சம்பவக் கற்கை விடைகளைத் திருத்துகிறவர்கள் என்ற வகையில் இதை எழுதுகிறோம். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கட்டத்துக்குள் "திறமையான ஊழியர்கள்", "போட்டி அதிகம்" என்று எழுதுவதுதான் சிக்கல். அந்த வரிகளைப் பரந்தன் நெல் ஆலைக்கும் போடலாம், வவுனியா சலூனுக்கும் போடலாம். எங்கும் பொருந்துகிற வரிக்குப் பிரயோகப் புள்ளி விழாது.

ஒரு கற்பனைச் சம்பவத்தை எடுப்போம். பரந்தனில் ஒரு தனியுரிமை நெல் ஆலை. நாளுக்கு 4 தொன் நெல் அரைக்கலாம், அரைப்பதோ 2 தொன். களஞ்சியம் 60 தொன் கொள்ளும். கொழும்புச் சுப்பர்மார்க்கெட் ஒன்று நாளுக்கு 1 தொன் சிவப்பரிசி கேட்கிறது, அதற்கு 1.5 தொன் நெல் வேண்டும்.

"ஆலையின் கொள்ளளவு 4 தொன் ஆகும்" என்பது வினாத்தாளைப் பார்த்து எழுதியது, அவ்வளவுதான். இப்படித் தொடங்கப் பழக்குங்கள்: "4 தொன் அரைக்கக்கூடிய ஆலை 2 தொன்னே அரைப்பதால்…". "ஆல்" என்று முடிந்துவிட்டால் பிள்ளை விளைவைச் சொல்லியே ஆகவேண்டும்: முழுக் கொள்ளளவில் இயங்கும்போது வருவதைப்போல் இரு மடங்கு நிலையான செலவு ஒவ்வொரு கிலோவிலும் ஏறுகிறது. இது பலவீனம்.

அதே வெற்றுக் கொள்ளளவு சுப்பர்மார்க்கெட் கேள்விக்கு முன்னால் பலமாகிறது. "புதிய இயந்திரம் வாங்காமலே மேலதிக 1.5 தொன்னை அரைக்க முடியும் என்பதால்…" என்று அடுத்த வரி வரலாம். ஒரே தரவு இரண்டு கட்டத்தில் வருவது பிழையல்ல, காரணம் வேறாக இருந்தால் போதும். ஆனால் "சுப்பர்மார்க்கெட்டுக்கு விற்கலாம்" என்பதை வாய்ப்பு என்று எழுதினால் வெட்டுங்கள், அது ஆலை எடுக்கும் நடவடிக்கை. வெளியிலிருந்து வந்த கேள்விதான் வாய்ப்பு.

மதிப்பீட்டு வரிக்கு "ஆயினும், … வரை" என்ற அமைப்பு கைகொடுக்கும். "ஆயினும், களஞ்சியம் 60 தொன்னாக இருக்கும் வரை…". இப்போது 30 நாளுக்குப் போதுமான இருப்பு, நாளுக்கு 3.5 தொன் அரைத்தால் 17 நாளில் முடிந்துவிடும். காலபோக அறுவடையில் மலிவாக வாங்கிச் சேமிக்க இடமில்லை, பிறகு விலை ஏறும்போது வாங்கவேண்டி வரும். ஆகவே இயந்திரத்தைவிட களஞ்சியமே ஆலையின் தடை. இந்த முடிவை எழுதிய பிள்ளைக்கு நான்கு கட்டத்தையும் நிரப்பியிருக்கிறாரா என்று நாங்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை.

அடுத்த தவணைப் பரீட்சையின் புள்ளித் திட்டத்தில் கருத்துக்கு ஒரு புள்ளி, சம்பவத் தரவைப் பயன்படுத்தியதற்கு ஒரு புள்ளி என்று பிரித்துப் போடுங்கள். தொடக்க வரியைப் பாடமாக்கி, உள்ளே தரவில்லாமல் விட்டவர்கள் அந்த இரண்டாவது புள்ளியில் உடனே தெரிவார்கள்.