குடும்பக் குரூப்புக்கு ஒரு முதல் மெசேஜ்

அன்பின் மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். ஹட்டனில் ஒரு கிழமையாக விடாத மழை, துணி காயவே மாட்டேன் என்கிறது. பண்டாரவளையில் வெயில் என்று கேள்விப்பட்டேன், கொடுத்து வைத்தவன் நீ.

எங்கள் சொந்தக்காரருக்குத் திரும்பவும் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கப் போகிறேன். பழையது எப்படி உடைந்தது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. போன ஜனவரியில் பெரியப்பா ஆஸ்பத்திரியில் விடியப்புறம் தவறிப் போனார். நாலரை மணிக்குத் தங்கச்சி மகன் அவர் போட்டோவை "ஆழ்ந்த இரங்கல்" என்று குரூப்பில் போட்டுவிட்டான். பையன் கெட்டவன் இல்லை, பதறிப் போனான். அந்த நேரம் டொராண்டோவில் முந்தின நாள் சாயந்தரம் ஆறு மணி. பெரியப்பா மகள் வேலை முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டு போனைத் திறந்திருக்கிறாள். அப்பா செத்ததை அவள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். அன்றைக்கே குரூப்பை விட்டு வெளியேறினாள். அவள் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள்.

அதனால் இந்தத் தடவை முதல் மெசேஜை யோசித்து எழுதுகிறேன். நெருங்கின ஆளுக்குக் குரலில் சொல்லி, அவர் "சரி, போடுங்க" என்ற பிறகுதான் குரூப்பில் போட வேண்டும். யார் யாருக்குச் சொல்வது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். துபாய்த் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் கால் போகாது, அங்கே அதை அனுமதிப்பதில்லை. அவனுக்குச் சாதாரண கால்தான், அதற்கென்று போனில் எப்போதும் கொஞ்சம் ரீலோட் இருக்க வேண்டும்.

போன தடவை இன்னொரு தப்பும் நடந்தது. யாரையும் கேட்காமல் எல்லாரையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டோம். குரூப்பில் இருக்கிற எல்லாருக்கும் எல்லார் நம்பரும் தெரியும். ஒரு தங்கச்சிக்குத் தன் நம்பர் சில பேர் கைக்குப் போவதில் விருப்பமில்லை, அதைப் பிறகுதான் சொன்னாள். இப்போது ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டு, சம்மதித்த பிறகுதான் சேர்க்கிறேன். அட்மின் இரண்டு பேர், நானும் லண்டன் சித்தப்பா மகனும். நான் தூங்கும்போது அவன் முழித்திருப்பான்.

எழுதினதைப் படித்துப் பார்:

"சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம். ஹட்டனிலிருந்து பெரியவன் எழுதுகிறேன். இது நம் அப்பாயி வழிக் குடும்பத்துக்கு மட்டும். கூடலூர், துபாய், லண்டன், டொராண்டோ என்று நாம் சிதறி இருப்பதால் நேரம் எழுதும்போது 'இலங்கை நேரம்' என்று சேர்த்து எழுதுங்கள். முக்கியமான விசயத்தைக் குரலில் அனுப்பினால் கூடவே ஒரு வரி எழுதியும் போடுங்கள். அவசரச் செய்தியை முதலில் சம்பந்தப்பட்டவருக்குப் போனில் சொல்லுங்கள், குரூப்புக்குப் பிறகு. பணம் கேட்டோ, போனுக்கு வந்த ஆறு இலக்க நம்பரைக் கேட்டோ யார் பெயரில் மெசேஜ் வந்தாலும், அவருக்குக் கால் எடுத்துக் குரலைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். ஃபார்வேர்ட் வேண்டாம், உங்கள் வீட்டுப் படம் வேண்டும். ராத்திரி மெசேஜ் சத்தம் தொந்தரவு என்றால் மியூட் போடுங்கள், யாரும் கோபிக்க மாட்டோம்."

குரலோடு ஒரு வரி எழுத்து என்பது அத்தையை வைத்து வந்த யோசனை. நாற்பது வருசம் கொழுந்தெடுத்தவள், எழுத்துக் கூட்டத் தெரியாது. மைக்கை அழுத்திப் பிடித்தால் விடவே மாட்டாள், கோழி கூவுவது முதல் எல்லாம் அதில் இருக்கும். வேலையில் நிற்கிற பிள்ளைகளால் அதைத் திறந்து கேட்க முடியாது. பேத்தி பக்கத்தில் இருந்து "அத்தைக்குக் கண் ஆபரேசன் வெள்ளிக்கிழமை" என்று ஒரு வரி தட்டிவிட்டால் போதும்.

எல்லாரும் சேர்ந்து பேச, ஞாயிறு சாயந்தரம் ஏழரை வைத்திருக்கிறேன். கூடலூரிலும் அதே ஏழரை. குளிர்காலத்தில் லண்டனில் பகல் இரண்டு, டொராண்டோவில் காலை ஒன்பது. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை மாற்றினால் அங்கே மூன்றும் பத்துமாகும், பரவாயில்லை. துபாய்த் தம்பி மட்டும் அதில் சேர முடியாது, அவனுக்கு நான் தனியாக எடுப்பேன்.

மெசேஜைக் குரூப்பின் விவரப் பகுதியிலும் போட்டு வைப்பேன். பிறகு சேர்கிறவர்களுக்குப் பழைய மெசேஜ் தெரியாமல் போகலாம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். முதலில் நான் "துக்கச் செய்தி" என்றுதான் எழுதியிருந்தேன். அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், முகம் சுருங்கிவிட்டது. "நல்ல காரியம் தொடங்கும்போதே சாவுப் பேச்சாடா?" என்றாள். அதனால் "அவசரச் செய்தி" என்று மாற்றினேன். ஆனால் அந்தப் பையனைப் போல இன்னொருவனுக்கு அது விளங்குமா? எந்தச் சொல்லை வைக்கலாம், சொல்லு. டொராண்டோத் தங்கச்சி இன்னும் பதில் சொல்லவில்லை, அவள் சரி என்று சொல்லும்வரை தொடங்கப் போவதில்லை.

உன்,
ஹட்டன் மச்சான்