வெள்ளத்தில் இறங்கியவரின் காய்ச்சல்: குத்தகையாளர்களுக்கும் விடுதி மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குத்தகையாளர்களே, விடுதி மருந்தக மருத்துவர்களே,

பெருமழைக்கு மறுநாள் அடித்தளக் குழியில் தேங்கிய தண்ணீரை இறைக்க யாரை இறக்குகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஊழியருக்குக் காய்ச்சல் வரும்போதுதான் அந்தக் குழி எல்லாருக்கும் மறந்துபோகிறது.

நடப்பது இதுதான். பம்பு வைக்க இறங்குகிறார். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுகிறது, முழங்காலுக்குக் கீழே கம்பி கீறுகிறது. எலியின் சிறுநீரோடு தண்ணீரில் கலந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமிக்கு அந்தக் கீறல் போதும். ஒன்பது நாள் கழித்துத் திடீரென்று குளிர்நடுக்கம், கடும் தலைவலி. டெங்கியாக இருக்கும் என்று பாராசிட்டமாலும் இரண்டு நாள் எம்சியும் கொடுத்து அனுப்புகிறீர்கள். நான்காம் நாள் எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் சோதனை 'இல்லை' என்கிறது. ஆறாம் நாள் கண் மஞ்சளாகிறது. அதற்குள் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கும். சிலருக்கு நுரையீரலில் இரத்தம் கசியும்.

அந்தச் சோதனையைப் பழிக்க முடியாது. எதிர்ப்பொருள் இரத்தத்தில் தெரியவே ஏறக்குறைய ஒரு வாரமாகும். முதல் வாரத்தில் கிருமியைக் காட்டக்கூடியது பிசிஆர். அதன் முடிவும் கைக்கு வரும்வரை நோய் காத்திருக்காது. இரத்தத் தட்டணுக்கள் குறைவதை வைத்தும் டெங்கியையும் எலிக்காய்ச்சலையும் பிரிக்க முடியாது, இரண்டு நோயிலும் அவை குறையும்.

ஆகவே கேளுங்கள்: "கடந்த 30 நாளில் தேங்கிய தண்ணீரில் இறங்கினீர்களா?" கெண்டைக்காலை அழுத்திப் பாருங்கள், வலியில் துடிக்கக்கூடும். பீளை தள்ளாமல் கண் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் அன்றே மருந்தைத் தொடங்குங்கள். இலேசான நோய் என்றால் பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏழு நாள். டெங்கிக்கான கண்காணிப்பையும் விட்டுவிடாதீர்கள். மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு விடுதிக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்; அங்கே நரம்புவழி பெனிசிலினோ செஃப்ட்ரியாக்சோனோ தேவைப்படும். உறுப்புகள் பழுதான பிறகு கிருமியைக் கொல்வது மட்டும் அவரைக் காப்பாற்றப் போதாது. முதல் சில நாள்களை நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

குத்தகையாளர்களே, டாக்ஸிசைக்ளின் சாப்பிடுபவரின் தோல் வெயிலில் எளிதில் வெந்துபோகும். காய்ச்சல் விட்ட மறுநாளே அவரைக் கூரைமேல் ஏற்றுகிறீர்கள், அவரும் பாதியில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஒரு நாள் சம்பளம் பிடிபடும் என்ற பயத்தில் காய்ச்சலை மறைப்பவர்களும் உண்டு. அந்தப் பயம் அவர்களுக்கு யாரால் வந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இடுப்பளவு நீர்புகாக் காலுறைக் கவசம் கொடுங்கள், கீறல்களை நீர்புகாக் கட்டால் மூடச் சொல்லுங்கள். குழியில் இறங்கியவர் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். மருத்துவர்களே, அந்தத் தாளைப் பார்த்தபின் சோதனை முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊழியர் நலனில் அக்கறையுள்ள மருத்துவப் பணியாளர்கள்