ஆட்டுரலும் மிக்சி ஜாரும்

அன்புள்ள சங்கரனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன். புனேயில் மிக்சியில் அரைத்த மாவில் இட்லி தட்டையாகவும் கெட்டியாகவும் வருகிறது என்று நீ புலம்பி எழுதியிருந்தாய் அல்லவா, அதை நான் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். விடுமுறைக்கு வந்திருந்த என் மகனும் அருகில் இருந்தான். அன்று தொடங்கிய வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. அதை உனக்கு விவரமாகத் தெரிவிக்கும்படி அம்மாவின் உத்தரவு.

கடிதத்தைக் கேட்டதும் அம்மா, "ஜாரில் அடித்தால் வேறு எப்படி வரும்?" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். பொறியியல் படிக்கும் பேரனுக்கு அது பொறுக்கவில்லை. அரைப்பது என்றால் துகளைச் சிறிதாக்குவது, கல்லில் ஆனால் என்ன, பிளேடில் ஆனால் என்ன, சிறிதானால் சரி என்று வாதாடினான். "அப்படியானால் நீ ஜாரில் அரை, நான் உரலில் ஆட்டுகிறேன், காலையில் பார்ப்போம்" என்று ஆச்சி எழுந்துவிட்டாள். எண்பதை நெருங்குகிறவள், அதுவும் வலது தோள்பட்டையைத் தூக்க முடியாமல் தலைவாரிக்கொள்ளவே மருமகளை அழைக்கிறவள், குழவி பிடிக்கப் போகிறேன் என்கிறாள். நான் தடுத்தேன். உனக்குத்தான் தெரியுமே, அந்த வீட்டில் என் தடை எந்தக் காலத்தில் செல்லுபடியாகியிருக்கிறது?

புறவாசலில் கிடந்த ஆட்டுரலில் சில ஆண்டுகளாக யாரும் மாவாட்டவில்லை. குழியும் குழவியும் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டிருந்தன. அப்படியே போட்டால் உளுந்து நசுங்காமல் வழுக்கிக்கொண்டு மேலேறும் என்று சொல்லி, கொத்துகிறவரைத் தேடி அழைத்து வரச் செய்தாள். "அம்மி கொத்தலையோ, ஆட்டுரல் கொத்தலையோ" என்று தெருவில் குரல் கேட்ட நாட்கள் போய்விட்டன. அவரைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கொத்திய பிறகும் உடனே ஆட்டவிடவில்லை. புதிதாகக் கொத்திய கல்லில் பொடி உதிரும், அது மாவில் கலந்தால் பல்லில் நறநறக்கும் என்பதால், கைப்பிடி நொய்யரிசியை ஆட்டிக் கொட்டிவிட்டுக் கழுவி, மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்து, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் உரலை ஒப்புக்கொண்டாள். ஆட்டுரலைக் கோயில் சிலைபோல் போற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பாட்டையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

பந்தயம் நேர்மையாக நடக்கவேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஒன்றாகவே ஊறவைத்துப் பாதியாகப் பிரித்தோம். ஆளுக்கு நான்கு தம்ளர் இட்லி அரிசி, ஒரு தம்ளர் தோல் நீக்கிய முழு உளுந்து, ஒரு சிறு கரண்டி வெந்தயம். அரிசி ஐந்து மணி நேரமும் உளுந்து இரண்டு மணி நேரமும் ஊறின. உளுந்தை அதிக நேரம் ஊறவிட்டால் அதன் பிசுபிசுப்பெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்பது அம்மாவின் கணக்கு. ஊறிய தண்ணீரையே அரைக்கவும் பயன்படுத்தினாள்.

மகன் உளுந்து முழுவதையும் ஜாரில் கொட்டி, ஒரு தம்ளர் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றி, நிறுத்தாமல் ஓடவிட்டான். சில நிமிடங்களில் விழுது தயார். விரலில் தேய்த்துப் பார்த்தேன். திப்பியே இல்லை, வெண்ணெய்ப் பதம். வென்றுவிட்டதாகவே அவன் நினைத்தான். ஆனால் ஜாரின் அடி கைவைக்க முடியாதபடி சுட்டது, விழுதும் வெதுவெதுப்பாக இருந்தது, கரண்டியிலிருந்து கஞ்சியாக வழிந்தது. அம்மாவோ வலக்கையால் குழவியைச் சுழற்றி, இடக்கையால் உளுந்தைக் குழிக்குள் தள்ளிவிட்டு, தண்ணீரை ஊற்றாமல் தெளித்துத் தெளித்து ஆட்டினாள். பாதி வேலைக்குமேல் என் மனைவியிடம் குழவியைக் கொடுத்துவிட்டுத் தள்ளிவிடுவதை மட்டும் செய்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரத்துக்குமேல் ஆனது. வேடிக்கை என்னவென்றால், கடைசியில் கணக்குப் பார்த்தபோது உரல் உளுந்து குடித்த தண்ணீர் ஜார் உளுந்து குடித்ததைவிட அதிகம். இருந்தும் அது பொங்கி, குழியை மீறி விளிம்புக்கு ஏறி நின்றது. ஒரே அளவுள்ள இரண்டு பாத்திரங்களில் வழித்து வைத்தபோது ஜாரில் அரைத்தது ஏறக்குறையப் பாதி உயரமே இருந்தது.

பிறகு அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இரண்டிலும் ஒரு துளி எடுத்துப் போட்டாள். உரல் மாவு மிதந்தது. ஜார் மாவு அடியில் இறங்கிக் கரைந்தது. பேரனின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். துகள் அளவில் அவனுடையதுதான் நயம், ஆனால் போட்டி துகள் அளவில் இல்லை, மாவுக்குள் பிடிபட்டிருக்கும் காற்றில் இருந்தது. பிளேடு வெட்டுகிறது, கல்லோ நசுக்கி, இழுத்து, மடித்து மடித்துக் காற்றை உள்ளே சேர்க்கிறது. மெதுவாகச் சுற்றுவதால் சூடும் ஏறுவதில்லை, உளுந்துக்குத் தண்ணீரைக் குடிக்க நேரமும் கிடைக்கிறது.

அரிசியில் கதை வேறு. ஜாரில் இரண்டு ஈடாகப் போட்டு, மென்மையான ரவைப் பதத்தில் அவன் நிறுத்திவிட்டான். உரல் அரிசியையும் அதையும் விரலால் தேய்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரியவில்லை. அம்மாவும் அதை ஒப்புக்கொண்டாள். அரிசியைச் சற்றுக் கூடுதலாக ஓடவிட்டால் கூழாகி இட்லி பசைத்துப்போகும் என்பது மட்டுமே அவள் சொன்ன எச்சரிக்கை. ஆக, மிக்சி தோற்பது உளுந்தில்தான் என்பதை நீ மனத்தில் வைத்துக்கொள்.

இரண்டையும் தனித்தனியே உப்புப் போட்டுக் கையால் கரைத்து, இரவு முழுவதும் அடுக்களையில் ஒரே இடத்தில் வைத்தோம். காலையில் உரல் மாவு மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜார் மாவு கொஞ்சம் ஏறியிருந்தாலும் அடியில் நீர் பிரிந்து நின்றது. "சூட்டில் நுண்ணுயிர்கள் செத்துவிட்டன, அதனால்தான்" என்று மகன் எங்கோ படித்ததைச் சொன்னான். அதற்கு ஆச்சி செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பாத்திரங்களையும் அவன் மூக்கருகே நீட்டி, "எது புளித்திருக்கிறது, சொல்" என்றாள். இரண்டும் ஒன்றுபோலவே புளித்திருந்தன. செத்திருந்தால் புளித்திருக்காதே! மாவைப் பொங்கவைப்பதில் லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு உள்ள பங்கை 1965இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று பிறகு அவனே தேடிப் படித்துச் சொன்னான். அது உளுந்தோடும் அரிசியோடும் வருவது. புளிப்பையும் தரும், வாயுவையும் தரும். எங்கள் இரண்டு பாத்திரங்களிலும் அது தன் வேலையைச் செய்துவிட்டது. உளுந்தின் புரதமும் பிசுபிசுப்பும் சேர்ந்துதான் அந்த வாயுவை மாவுக்குள் பிடித்துவைக்கின்றன. நீர்த்த மாவில் குமிழ்கள் மேலே வந்து உடைந்து போய்விட்டன. அவித்த இட்லிகளைப் பற்றி எழுதத் தேவையில்லை. ஜார் இட்லியைப் பார்த்ததும் எனக்கு நம் விடுதிச் சமையற்காரர் நினைவுக்கு வந்தார். அவரிடமும் கிரைண்டர் இருந்தது என்பதுதான் விளங்காத மர்மம்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். அன்று மாலை அம்மாவின் அறையில் தைல வாசனை. தோள் வீங்கியிருந்தது, இரவெல்லாம் தூங்கவில்லை, ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் உரலைப் பெயர்த்து எடுத்துவிடப் போவதாகக் கத்தினேன். அவள் அமைதியாக, "எடுத்துவிடு, இனி என்னால் ஆகாது. ஆனால் அந்தப் பையன் அவ்வளவு தூரத்தில் ஜாரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வான்?" என்றாள். அந்தப் பையன் நீதான்; அறுபது வயதாகியும் அவளுக்கு நீ பையன். சங்கரா, அவளுடைய உடம்பைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. வலியை மறைக்கிறவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போனால் அங்கேயும் சுகமாக இருக்கிறேன் என்கிறாள்.

அடுத்த ஈடு மாவுக்கு அவள் எதையும் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேரனுக்கு வழிசொன்னாள். உளுந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைக்கச் சொன்னாள். அரைக்கும் தண்ணீரும் அதிலிருந்து எடுத்த சில்லென்ற தண்ணீரே. ஜாரில் பாதிக்குமேல் போடக் கூடாது. அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஓரங்களை வழித்துவிட்டு, ஜாரைத் தொட்டுப் பார்த்து, சுட்டால் காத்திருந்து, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் சேர்த்து மீண்டும் ஓடவிடவேண்டும். விழுதைப் பாத்திரத்தில் வழித்த பிறகு கையால் ஐந்து நிமிடம் நன்றாக அடித்துக் கலக்கவேண்டும். கல் செய்யும் காற்றுச் சேர்க்கும் வேலையில் ஒரு பகுதி அப்போதுதான் நடக்கிறது. ஒரு தம்ளர் உளுந்துக்கு அரிசி நான்கு வேண்டாம், மூன்று போதும் என்றும் குறைத்தாள். துளியைத் தண்ணீரில் போட்டபோது முதலில் தயங்கி, பிறகு மிதந்தது. காலையில் இட்லி உரல் இட்லி அளவுக்கு வரவில்லை. ஆனால் நல்ல இட்லி. தோசைக்கு இந்த மாவே போதும், அதற்காக யாரும் உரலைத் தொடவேண்டியதில்லை என்று அம்மா தன் வாயாலேயே சொன்னாள். மகன் இதை வெற்றி என்று கொண்டாடுகிறான்.

நீ செய்ய வேண்டியதும் இதுவே. அங்கே குளிர்காலத்தில் இரவு மாவு பொங்காவிட்டால் ஜாரைத் திட்டாதே. சூடாக்காத ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை வைத்துப் பார். இவ்வளவுக்குப் பிறகும் துளி மிதக்கவில்லையென்றால் உளுந்து பழையதாக இருக்கலாம். பழைய உளுந்து எதில் அரைத்தாலும் பொங்காது. அதனால் இந்த அறுவடை உளுந்து இரண்டு கிலோவை, அடுத்த வாரம் புனே வரும் என் மைத்துனனிடம் கொடுத்தனுப்புகிறேன். எவர்சில்வர் டப்பாவில் வருகிறது. டப்பாவைத் திருப்பி அனுப்பிவிடு. சென்ற முறை கொண்டுபோன முறுக்கு டப்பாவும் அம்மாவின் கணக்கில் நிலுவையில் இருக்கிறது.

அன்புடன்,
கணபதி