டயர் மட்டும் போனா காசு இல்ல: ஐஆர்டிஏஐ-க்கு வேலூர்ல இருந்து ஒரு திறந்த மடல்

ஐதராபாத் ஐஆர்டிஏஐ ஆபீஸ்ல மோட்டார் இன்சூரன்ஸ் விதிகளை பாக்குற அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் வேலூர்ல டயர் கடை வச்சிருக்கேன், அலைன்மென்ட், பேலன்ஸிங் எல்லாம் பாக்குறோம். சென்னை - பெங்களூர் ஹைவேல பள்ளிகொண்டா, ஆம்பூர் பக்கம் டயர் போன கார் நிறைய எங்க கடைக்குதான் வரும். டயரை கழட்டுறதுக்குள்ள ஓனர் கேக்குற மொத கேள்வி "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, க்ளெய்ம் வரும்ல அண்ணா?"ன்றதுதான். வராதுன்னு சொல்ற வேலை எங்க தலையில விழுது, பாலிசி வித்தவர் அந்த நேரத்துல போன் எடுக்க மாட்டார். அதனாலதான் இத உங்களுக்கே எழுதுறேன், ஏன்னா இத சரி பண்ற அதிகாரம் உங்ககிட்டதான் இருக்கு.

மொதல்ல சாதாரண பாலிசி. 2002ல வந்த இந்தியன் மோட்டார் டாரிஃப்ல இருந்து வர்ற வாசகம்தான் இன்னிக்கும் கார் பேக்கேஜ் பாலிசில ஓடுது. டயர், ட்யூப் சேதத்துக்கு பணம் கிடையாது, அதே நேரத்துல வண்டிக்கும் சேதம் ஆகியிருந்தா மட்டும் மாத்துற செலவுல 50 சதவீதம் வரைக்கும் தருவோம்னு அதுல இருக்கு. ஃபுல் இன்சூரன்ஸ்னு நாம வாய்ல சொல்றோமே அதுக்குள்ள இருக்குற விதி இது. இதுக்கு காரணம் இல்லாம இல்ல, டயர் ஓட ஓட தேயற பொருள், தேய்மானத்துக்கு இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிச்சா எல்லாரும் மொட்டை டயரை கொண்டு வந்து புதுசா மாத்திட்டு போவாங்க, கம்பெனி தாங்காது. அது எனக்கு நல்லாவே புரியுது. ஆனா தேய்ஞ்சு போறது வேற, அடிபட்டு போறது வேற, அந்த ரெண்டையும் ஒரே வரில போட்டு மூடுனதுதான் என் வருத்தம்.

ரெண்டையும் பிரிச்சு பாக்க முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பள்ளத்தோட விளிம்புல டயர் வேகமா மோதும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல சைடு வால், அதாவது டயரோட பக்கவாட்டு சுவர், நசுங்கும், உள்ள இருக்குற நூல் அறுந்துடும், அந்த இடத்துல காத்து வெளிய தள்ளி பொடைச்சுக்கும். பட்டன், அதாவது ரோட்டுல படுற ரப்பர் கட்டை, புதுசா இருக்குற டயருக்கும் இது ஆகும், இதுக்கும் தேய்மானத்துக்கும் சம்மந்தமே இல்ல. பொடைச்ச டயருக்கு பேட்ச்சும் போட முடியாது, மாத்தியே ஆகணும், அப்படியே ஓட்டுனா ஹைவேல வெடிக்கும். இன்னொன்னு காத்து கம்மியா ஓட்டி போறது. சைடு வால் மடங்கி மடங்கி சூடாகி, நம்ம ஊர் மே மாச வெயில்ல ரோடும் கொதிக்க, உள்ள லேயர் பிரிஞ்சு வெடிக்கும். அந்த டயரை கழட்டி பாத்தா உள்பக்கம் சுத்தி வளையமா மடிப்பு தெரியும், ரப்பர் பொடிப்பொடியா கொட்டும். மூணாவது வெறும் தேய்மானம், அது பட்டன் ஆழத்த அளந்தாலே தெரிஞ்சுடும். டயரை ரிம்ல இருந்து இறக்கி கையில பாத்தா பெரும்பாலும் சொல்லிடலாம். இறக்காமலே வெளிய எடுத்த நாலு போட்டோவ வச்சு தேய்மானம்னு எழுதுறாங்களே, அதுதான் தப்பு.

இப்ப ஒரு கேஸ் சொல்றேன். குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு டீச்சர், ரெண்டரை வருஷ கார், 1200 சிசி. மழை ராத்திரில சர்வீஸ் ரோட்டுல தண்ணி நின்ன பள்ளத்துல முன்பக்க இடது டயர் இறங்கி சைடுல பொடைச்சுகிச்சு. டயர் விலை 6000 ரூபா. சாதாரண பாலிசி மட்டும் இருந்தா இதுக்கு ஒரு ரூபா கிடையாது, ஏன்னா டயர் மட்டும்தான் போயிருக்கு.

ஆனா வண்டிய தூக்கி பாத்தா அலாய் வீலும் விளிம்புல விரிசல் விட்டிருந்துச்சு. பாலிசில விலக்குன்னு எழுதியிருக்கறது டயரும் ட்யூபும்தான், ரிம்முன்னு எங்கயும் இல்ல. ரிம் வண்டியோட உலோக பாகம், அது போனா வண்டிக்கு சேதம்தானே? அந்த கணக்குல பாத்தா 8000 ரூபா அலாய்க்கு ரெண்டுல இருந்து மூணு வருஷ வண்டின்றதால வயசு கணக்குல கழிக்கிற 15 சதவீதம் போக 6800, டயருக்கு பாதி 3000, மொத்தம் 9800, 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு கட்டாய பிடித்தம் 1000 கழிச்சா 8800 ரூபா வரணும். ரிம்மை யாரும் பாக்காம விட்டிருந்தா பூஜ்யம். அதே பள்ளம், அதே அடி. இத கம்பெனி அனுப்புற சர்வேயர் ஒருத்தர் ஒத்துக்குறார், இன்னொருத்தர் "வீல் அசெம்பிளி எல்லாம் ஒண்ணுதான் சார், பாடில அடி இருக்கணும்"னு திருப்பி அனுப்புறார். ரிம் சேதம் வண்டி சேதமா இல்லையான்னு நீங்க ஒரு வரி எழுதுனா இந்த சண்டை முடிஞ்சுடும்.

தலைகீழாவும் நடக்குது. டயர் வெடிச்சு கார் டிவைடர்ல மோதி பம்பர், ஃபெண்டர் எல்லாம் போகும். பாடிக்கு பணம் வரும், டயருக்கு மட்டும் "வெடிச்சது மோதுறதுக்கு முன்னாடி, அதனால தேய்மானம்"னு வெட்டிடுவாங்க. அதே நேரத்துல சேதம்னு இருக்குற வாசகத்த இவ்வளவு மெல்லிசா சீவலாமா? 2023ல பாம்பே ஹைகோர்ட்ல ஒரு விபத்து நஷ்டஈடு வழக்குல டயர் வெடிச்சது கடவுள் செயல்னு இன்சூரன்ஸ் தரப்பு வாதாடுச்சு, கோர்ட் அத ஏத்துக்கல. வெடிப்புக்கு காரணம் இருக்கும், அத தேடி பாத்து எழுதணும். அந்த உழைப்பைத்தான் 6000 ரூபா டயருக்கும் கேக்குறேன்.

அடுத்தது டயர் ப்ரொடெக்ட் ஆட்-ஆன், தனியா பிரீமியம் கட்டி பாலிசியோட சேத்துக்குற கவர். மேல சொன்ன ஓட்டைய அடைக்கத்தான் இது வந்துச்சு, அடிபட்டு பொடைச்சாலும் கிழிஞ்சாலும் வெடிச்சாலும் டயர் மட்டும் போனாலும் தருவோம்னு சொல்லி விக்குறாங்க. நல்ல விஷயம்தான், ரோடு மோசமா இருக்குற பக்கம் ஓட்டுறவங்களுக்கு நானே சொல்றதுண்டு. விக்கும்போது சொல்லாதது பட்டன் கணக்கு. நான் பாத்த ஒரு பாலிசி வாசகத்துல டயரோட நடுவுல நாலு இடத்துல ஆழம் அளந்து சராசரி எடுப்பாங்க. 7 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் இருந்தா முழு விலை, 5ல இருந்து 7க்குள்ளன்னா 75 சதவீதம், 3ல இருந்து 5க்குள்ளன்னா பாதி, 3க்கு கீழ போனா ஒண்ணும் இல்ல. புது கார் டயர்லயே சுமாரா 8 மில்லிதான் இருக்கும், அப்ப முழு விலைன்றது ஓட்ட ஆரம்பிச்ச கொஞ்ச காலத்துக்கு மட்டும்தான். மோட்டார் வாகன விதிப்படி காருக்கு 1.6 மில்லி வரைக்கும் ரோட்டுல ஓட்டலாம். போலீஸ் நிறுத்துனாலும் செல்லுபடியாகுற 2.5 மில்லி டயருக்கு ஆட்-ஆன் பிரீமியம் கட்டுனவருக்கு பைசா கிடையாது. பஞ்சர் ஒட்டுறது, பேலன்ஸிங், டயர் மட்டும் திருடு போறது, டயர் தயாரிப்புலயே இருக்குற குறைபாடு இதெல்லாமும் பொதுவா சேராது. வண்டி வயசுக்கு கழிக்காம தர்ற ஜீரோ டெப் ஆட்-ஆன் இருக்கே அதுல டயர் வந்துடும்னு நினைக்கிறவங்களும் நிறைய பேர், பல பாலிசில அதுல டயர விலக்கித்தான் வச்சிருக்காங்க.

டீச்சர் கேஸுக்கே வருவோம். அவங்ககிட்ட ஆட்-ஆன் இருக்கு, ரிம்முக்கு ஒண்ணும் ஆகலன்னு வச்சுக்குங்க. நாலு இடத்துல அளந்தா 5.8, 5.6, 5.9, 5.5, சராசரி 5.7. அப்ப 6000ல 75 சதவீதம் 4500 ரூபா. சந்தோஷமாதான் இருக்கும், அடுத்த ரெனியூவல் வரைக்கும். இந்த ஆட்-ஆன் க்ளெய்மும் பெரும்பாலும் ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டி சேத க்ளெய்மாதான் கணக்காகும், க்ளெய்ம் போடாம இருந்தா பிரீமியத்துல கிடைக்குற தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் அப்படியே விழுந்துடும். அவங்க 25 சதவீதத்துல இருந்தாங்க, க்ளெய்ம் போடலன்னா அடுத்த வருஷம் 35. ஓன் டேமேஜ் பிரீமியம் 8000னா 2800 ரூபா தள்ளுபடி போச்சு. அதுக்கடுத்த வருஷம் 45 கிடைக்க வேண்டிய இடத்துல 20தான், பிரீமியம் 7200ன்னு வச்சா இன்னும் 1800. ரெண்டே வருஷத்துல 4600 போயிடுச்சு, வாங்குனது 4500. க்ளெய்ம் போட்டாலும் அந்த போனஸ காப்பாத்துற என்சிபி ப்ரொடெக்ட்டும் சேத்து எடுத்திருந்தாதான் இந்த ஆட்-ஆன் உருப்படியா வேலை செய்யும், அத எந்த கவுண்டர்லயும் சேத்து சொல்றதில்ல.

அதனால உங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். பாலிசியோட கொடுக்குற வாடிக்கையாளர் தகவல் தாள்ல, தமிழ்லயே, டயர் மட்டும் போனா சாதாரண பாலிசில பணம் இல்லன்றதும் ஆட்-ஆன்ல எந்த ஆழத்துக்கு எவ்வளவுன்றதும் பெரிய எழுத்துல வரணும். தேய்மானம்னு சொல்லி மறுத்தா டயரை ரிம்ல இருந்து இறக்கி உள்பக்கம் எடுத்த போட்டோவும், ஆழமானியோட நாலு அளவும் அந்த கடிதத்தோட இருக்கணும், அது இல்லாம மறுக்க கூடாது. ஆழம் 1.6க்கு மேல இருந்தா குறைஞ்சது ஒரு சின்ன பங்காவது வரணும், சட்டமே ஓட்டலாம்னு சொல்ற டயர் அது. டயர் மட்டும் போன க்ளெய்முக்கு, அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவைன்னா, போனஸ்ல கை வைக்க கூடாது. அதுக்காக கொஞ்சம் பிரீமியம் கூட்டுனாலும் வெளிப்படையா கூட்டட்டும், ஜனங்க கணக்கு போட்டு எடுத்துக்குவாங்க.

இத படிக்கிற நம்ம ஊர்க்காரங்களுக்கும் ஒண்ணு. டயர் போனா அதுமேலயே ஓட்டிட்டு கடைக்கு வராதீங்க, காத்து இல்லாம ஓட்டுனா சைடு வால் உள்ள பொடியாகிடும், அப்புறம் அடிபட்டதுக்கான தடயமே இருக்காது, ஓட்டி கெடுத்ததுன்னு மறுத்துடுவாங்க. வண்டி நம்பர் தெரியுற மாதிரியும், பள்ளமும், டயர் பக்கவாட்டுல இருக்குற தேதி எண்ணும், ரிம் விளிம்பும் அங்கயே போட்டோ எடுத்துட்டு கம்பெனிக்கு உடனே சொல்லுங்க. பழைய டயரை சர்வேயர் பாக்குற வரைக்கும் எந்த கடைக்கும் கொடுத்துடாதீங்க, என் கடையா இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
வேலூர்ல இருந்து ஒரு டயர் கடைக்காரர்