புஷ்கருக்கு எப்போது போகலாம்?

அன்புள்ள சேகர்,

ராஜஸ்தானில் புஷ்கர் ஒட்டகச் சந்தையைப் படம் எடுக்கப் போவதற்கு, லீவு எழுதிக் கொடுக்கத் தேதி கேட்டிருந்தாய். நவம்பர் 14 முதல் 19 வரை போடு. கார்த்திகைப் பௌர்ணமிச் சந்தை என்கிறார்கள், பௌர்ணமி 24ஆம் தேதி ஆயிற்றே, முன்னாலேயே போய் என்ன செய்வது என்று கேட்பாய்.

போன வருஷம் நான் ஏமாந்தது உனக்குத் தெரியாது. கார்த்திகைப் பௌர்ணமி என்றால் நம் தீபத்தன்றுதானே என்று டிசம்பர் 3க்கு டிக்கெட் போட்டுவிட்டேன். போய்ப் பார்த்தால் மணலில் முளையடித்த குழிகளும் காய்ந்த சாணமும்தான். சந்தை நவம்பர் 5ஆம் தேதியே முடிந்திருந்தது. நமக்கு மாதம் சூரியனை வைத்து, வடக்கே அவர்களுக்குச் சந்திரனை வைத்து. அதனால் அவர்களுடைய கார்த்திகைப் பௌர்ணமி பல வருஷம் நம் ஐப்பசியிலேயே, அன்னாபிஷேகத்தன்று வந்துவிடும். 2026இல் அவர்கள் கணக்கில் அதிக மாதம் என்று கூடுதலாக ஒரு மாதம் வந்ததால் எல்லாம் தள்ளிப்போய், அவர்கள் பௌர்ணமியும் நம் தீபமும் ஒரே நாளில் விழுகின்றன.

இன்னொன்றும் அங்கே டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ஒட்டகக்காரர்கள் தீபாவளி முடிந்ததும் வர ஆரம்பிப்பார்கள், விலை படிந்ததும் கிளம்பிவிடுவார்கள், பௌர்ணமிக்கு யாரும் காத்திருப்பதில்லை. ஏகாதசியிலிருந்து ஏரியில் குளிக்க வருகிற கூட்டம் ஊரை நிறைத்துவிடும், அப்போது சந்தை நடக்கிற மணல்மேட்டில் ஒட்டகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்த முறை ஏகாதசி 20ஆம் தேதி. அதனால்தான் 19க்குள் முடித்துக்கொள் என்கிறேன். நிலவையும் ஒட்டகத்தையும் ஒரே படத்தில் பிடிக்கலாம் என்ற ஆசையை விட்டுவிடு.

வெளிச்சம் பற்றி: சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும், ஆனால் நீ ஆறேகாலுக்கே மணல்மேட்டில் இருக்க வேண்டும். குளிருக்கு மூட்டிய விறகுப் புகையும் குளம்புத் தூசியும் தரையோடு தங்கி நிற்கும், அதற்குள் சாய்வாக வெயில் நுழையும்போது ஒட்டகத்தின் பின்னால் இருந்து வருகிற ஒளி அதன் ரோமத்தின் ஓரத்தை மட்டும் பொன்னாக்கும். கேமரா தூசியைப் பார்த்து ஒளியை அளந்தால் முகம் கருத்துப்போகும், முகத்தை அளந்தால் தூசி வெளுத்துப்போகும். நான் தூசியைக் காப்பாற்றுவேன், உருவம் நிழலாகவே இருக்கட்டும். காற்று எழும்பிய நாளில் புகை தங்காது, வெறும் வெயில்தான். அன்றைக்குக் கூடாரத் தார்ப்பாய்க்கு அடியில் போய்த் தலைப்பாகைக் கிழவர்களின் முகங்களை எடு, மணலில் பட்டுத் திரும்புகிற ஒளி கண்ணுக்குக் கீழே நிழலே விழாமல் பார்த்துக்கொள்ளும். மாலை நாலரைக்கு மேல் மறுபடி மேடு, 5.40க்குச் சூரியன் போய்விடும்.

லென்ஸை அங்கே கழற்றாதே, தூசி உள்ளே போனால் எல்லாப் படத்திலும் புள்ளி விழும். ஏரிப் படித்துறையில் கேமராவை எடுக்கவே கூடாது, பையில் போட்டுவிடு.

அஜ்மீர் வரை ரயில், அங்கிருந்து மலையைத் தாண்டினால் ஊர். டிக்கெட் நான் போடவா, நீ போடுகிறாயா?

உன்,
முரளி